பேத்தி பிறந்த அன்று வைக்காத புள்ளிகள்

எனக்குப் பேத்தி பிறந்து இன்றோடு நாற்பத்தொரு நாள். அவளைப் பற்றி எழுதச் சொன்னால் நோட்டு நோட்டாக எழுதுவேன். ஆனால் இது அவளைப் பற்றி இல்லை. அவள் பிறந்த அன்று என் அடுப்பைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி. பேத்தி நடுநடுவே வருவாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தலைமைச் சமையல்காரன். இருநூற்று ஆறு பேருக்கு மூன்று வேளையும் சமைக்கிறேன். எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அந்தப் பெண்ணை எல்லாரும் புள்ளியக்கா என்பார்கள். பதினோரு வருடத்துக்கு முன்னால் காய் நறுக்க வந்தவள். இரண்டு பெண்களைக் கையில் பிடித்துக்கொண்டு, கணவனை விட்டுவிட்டு வந்தவள். காய் நறுக்குகிற வேகத்தைப் பார்த்து நான் அசந்து போனேன் என்று எழுதினால் பொய். கத்தியைப் பிடிக்கவே தெரியாது. ஆனால் ஆளைப் பார்த்தால் மறக்க மாட்டாள். சேர்ந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை, எந்தப் பெண் எந்த அறை, யாருக்கு முட்டை ஆகாது, யார் தட்டில் சோற்றை மிச்சம் வைப்பாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். வார்டன் அம்மா அன்றே அவளைத் தூக்கி மெஸ் வாசலில் உட்கார வைத்துவிட்டார்.

அங்கே ஒரு பெரிய ரிஜிஸ்டர் உண்டு. இடது பக்கம் வரிசையாகப் பெயர்கள். மேலே ஒன்று முதல் முப்பத்தொன்று வரை தேதி. காலையில் சாப்பிட வருகிற பெண்ணின் கட்டத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். காலையில் வராதவள் மத்தியானம் வந்தால் அப்போது. சாப்பிடவே வராவிட்டாலும், விடுப்புச் சீட்டுக் கொடுக்காதவள் என்றால் சாயங்காலம் அவளுக்கும் புள்ளி விழும். ஐந்து நாளுக்குக் குறையாமல் சீட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனவளின் கட்டம் மட்டும் காலி. சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி, தலைக்கு மேல் ஆணியில் மாட்டியிருப்பாள்.

“எனக்கு நாலு வரி எழுதச் சொன்னா கை நடுங்கும் அண்ணே. புள்ளி வைக்கச் சொன்னா ராணி மாதிரி வைப்பேன்” என்பாள். அப்படித்தான் பேர் வந்தது.

இத்தனை வருடமும் தினக்கூலி. நிரந்தரம் செய்ய வேண்டும் என்று வார்டன் அம்மா இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. இந்த வருடம்தான் கொஞ்சம் வழி திறந்தது. இந்த மாதம் பத்தாம் தேதிக்குள் வார்டன் அம்மா கையெழுத்துப் போட்ட கடிதம் போய்விட்டால் வேலை உறுதி. ஒரே நிபந்தனை, அவள் பேரில் புகார் எதுவும் இருக்கக் கூடாது. அவளுடைய மகள்களில் பெரியவள் கல்லூரியில் சேர வேண்டிய வருடம். தினக்கூலியை நம்பி ஒருவரும் கடன் தர மாட்டார்கள். புள்ளியக்கா அந்தப் பத்தாம் தேதியைத்தான் மூச்சாக வைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பேத்தி வருகிறாள்.

போன மாதம் பதினாலாம் தேதி. காலை ஐந்தரை மணி. பால் பொங்குகிற நேரத்தில் மாப்பிள்ளையிடமிருந்து போன்.

“மாமா, வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டிருக்கோம். நீங்க பதறாம வாங்க.”

பதறாமல் எப்படி வருவது? கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே பாதி வாசலுக்குப் போய்விட்டேன். புள்ளியக்கா அப்போதுதான் உள்ளே வந்தாள்.

“கரண்டிய வச்சிட்டுப் போங்க அண்ணே. டாக்டர்கிட்ட அது இருக்கும்.”

“அடுப்பு?”

“நான் பாத்துக்கறேன்.”

“உனக்குக் காயே நறுக்கத் தெரியாதும்மா!”

“நறுக்க ரெண்டு பேர் இருக்காங்கல்ல? பதினோரு வருஷமா உங்க பின்னாடி நின்னு எவ்ளோ உப்பு போடறீங்கன்னு பாத்தவ நான். கெளம்புங்க. பொண்ணு அங்க கத்திக்கிட்டிருக்கும், நீங்க இங்க உப்பு பேசிக்கிட்டிருக்கீங்க.”

போனேன். ஒன்பது மணிக்குப் பேத்தி பிறந்தாள். முதல் பார்வையிலேயே என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். என் வீட்டுக்காரி, “உங்களப் பாத்தா எல்லாருக்கும் அதான் வரும்” என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. அந்தக் கையில் ஐந்து விரல், அதில் ஐந்து நகம், ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தேன். கை நிறைய மிட்டாய். புள்ளியக்கா இரண்டு எடுத்துக்கொண்டாள்.

“நேத்து எல்லாம் சரியா நடந்துச்சா?”

“ஜாம் ஜாம்னு நடந்துச்சு. மூணு வேளையும் பானை காலி.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எல்லாரிடமும் நகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த மாதம் நாலாம் தேதி மெஸ் பில் போர்டில் ஒட்டினார்கள். ஹாஸ்டலே கொதித்தது. நாள் கட்டணம் நூறு தாண்டக் கூடாது என்று பெண்களுக்கு ஒரு கணக்கு. இந்த முறை நூற்று மூன்று, சில்லறை நாற்பத்தைந்து.

மெஸ் கமிட்டித் தலைவி ஒரு பெண். பேசினால் மாடி வரைக்கும் கேட்கும். மைக் என்று பேர். அவள் நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டாள்.

“மாஸ்டர், பேத்தி பொறந்தது சந்தோஷம்தான். ஆனா விருந்து எந்தச் சாமான்ல நடந்துச்சுன்னு பொண்ணுங்க கேக்கறாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. “நான் ஒரு முட்டை எடுத்திருந்தா இந்தக் கை வெளங்காதும்மா.”

“நான் சொல்லல. கேக்கறாங்க. வார்டன் அம்மாகிட்ட மனு குடுத்திருக்கோம். மெஸ் ஸ்டாஃப் எல்லார் மேலயும் விசாரணை வேணும்னு.”

மெஸ் ஸ்டாஃப் எல்லார் மேலும். வாசலில் புள்ளியக்காவின் கையில் பேனா அப்படியே நின்றது. பத்தாம் தேதிக்கு ஆறு நாள்.

மறுநாள் காலையிலேயே வார்டன் அம்மா எல்லாப் பெண்களுக்கும் ஒரு மெயில் அனுப்பிவிட்டார். மைக் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று அதை வாசித்தாள். நான் ரொட்டிக் கூடையோடு அங்கேயே நின்றுவிட்டேன். அந்த மெயிலைப் பிறகு வாங்கி என் நோட்டில் எழுதிவைத்தேன்:

“அன்புள்ள மாணவிகளுக்கு, மெஸ் கட்டணம் எப்படி வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அது நாங்களாக வைக்கிற விலை இல்லை. ஒரு மாதத்தில் மெஸ்ஸுக்கு ஆன மொத்தச் செலவை எடுத்துக்கொள்கிறோம். உங்கள் எல்லாருடைய வருகை நாள்களையும் ஒன்றாகக் கூட்டுகிறோம். செலவை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால், ஒருவருக்கு ஒரு நாளுக்கான கட்டணம் கிடைக்கும். அதை உங்களுடைய வருகை நாள்களால் பெருக்கினால் உங்கள் பில். முன்கூட்டியே சீட்டுக் கொடுத்து, தொடர்ந்து ஐந்து நாளோ அதற்கு மேலோ எடுத்த விடுப்பு மட்டுமே கழிக்கப்படும். சென்ற மாதச் செலவு ஆறு லட்சம். வருகை நாள்கள் ஐயாயிரத்து எண்ணூறு. செலவு கூடவில்லை. வருகை நாள்கள் குறைந்திருக்கின்றன. அதே செலவைக் குறைவான நாள்கள் சுமப்பதால் நாள் கட்டணம் ஏறியிருக்கிறது. இதில் யார் மீதும் தவறு இல்லை.”

“அப்ப திருட்டு இல்லையா?” என்றாள் ஒருத்தி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

“செலவு கூடலையாம். லீவு போட்டவங்க ஜாஸ்தியாம்” என்று மைக் நாற்காலியிலிருந்து இறங்கினாள். “சாரி மாஸ்டர்.”

எல்லாரும் கலைய ஆரம்பித்தார்கள். நானும் விட்டிருக்கலாம். என் பேர் சுத்தமாகிவிட்டது, பேத்தியின் பேரும் சுத்தமாகிவிட்டது. ஆனால் எனக்குள் ஏதோ நெருடியது. நான் ஐந்தாவதோடு நிறுத்தியவன். வகுத்தல் எனக்கு வராது. அரிசி வரும். வருகை நாள் குறைந்தால் அரிசி குறைய வேண்டும். போன மாதம் நான் ஒரு நாள் கூட வழக்கமான அளவுக்குக் குறைவாக அரிசி போடவில்லை. பத்துப் பேர் ஊருக்குப் போனாலே அரைப்படி குறைப்பவன் நான். ஐயாயிரத்து எண்ணூறுக்கும் மாதா மாதம் வருகிற ஆறாயிரத்துக்கும் நடுவில் இருநூறு நாள் எங்கே போச்சு?

“மைக்கும்மா, நில்லு. போன மாசம் நீ லீவு போட்டியா?”

“இல்லையே.”

“உன் பில்லுல எத்தன நாள் இருக்கு?”

மைக்கின் சத்தம் முதன்முதலாகக் குறைந்தது. “இருபத்தொன்பது.”

“போன மாசம் முப்பது நாளாச்சே?”

“ஒரு நாள் கொறைச்சுப் போட்டிருந்தாங்க. நல்லதுதானேன்னு வாய மூடிட்டேன்.”

பக்கத்து மேஜையில் ஒருத்தி மெல்லச் சொன்னாள். “எனக்கும் இருபத்தொன்பது.”

“எனக்கும்.”

“எனக்கும்தான். நான் மட்டும்தான் தப்பிச்சேன்னு நெனச்சேன்!”

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் அதிர்ஷ்டம் அடித்தது என்று நினைத்து, தன் தோழியிடம் கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

நான் வாசலைப் பார்த்தேன். புள்ளியக்கா ரிஜிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“பதினாலாம் தேதி” என்றாள்.

அவளே ரிஜிஸ்டரை மேஜையில் விரித்தாள். பதினாலாம் தேதிக் கட்டங்கள் மேலிருந்து கீழ் வரைக்கும் வெள்ளையாக இருந்தன. அன்று அவள் என் அடுப்பில் நின்றாள். வாசலில் ஆள் இல்லை. ஆபீஸ் கிளார்க் மாதக் கடைசியில் குறுக்குவாக்கில் ஒவ்வொருத்தியின் புள்ளியையும் எண்ணுகிறவர். எல்லாருக்கும் இருபத்தொன்பது வந்ததும், குழாய் உடைந்து மெஸ் மூடின நாள் ஒன்று இருந்திருக்கும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார்.

“மறுநாள் ஏம்மா வைக்கல?” என்றேன்.

“வைக்கலாம்னுதான் பேனா எடுத்தேன். அப்புறம் யோசிச்சேன். எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே ஒரு புள்ளி கொறையுது? யாருக்கு நஷ்டம்? உங்க பேத்தி பொறந்த நாளு, எல்லாரும் ஓசில சாப்பிட்டதா இருக்கட்டும்னு விட்டுட்டேன் அண்ணே.”

எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. என் பேத்தி பேரில் இருநூறு பேருக்கு விருந்து வைத்திருக்கிறாள், எனக்குக் கூடத் தெரியாமல்.

மைக் அதற்குள் போனை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள்.

“இருங்க. அன்னைக்கு எத்தன பேர் லீவு?”

புள்ளியக்கா ஆணியிலிருந்து கம்பியை இறக்கினாள். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். “ஆறு பேரு. ஆறு பேரும் பத்து நாள் லீவு. பாக்கி இருநூறு பேரும் இங்கதான்.”

“அப்ப ஐயாயிரத்து எண்ணூறோட இருநூறு. ஆறாயிரம். ஆறு லட்சத்த ஆறாயிரத்தால வகுத்தா…” மைக் தலையைத் தூக்கினாள். “நூறு! சரியா நூறு!”

கூடத்தில் கைதட்டல்.

“அப்ப என் பில்லு முப்பது நாளுக்கு மூவாயிரம். இப்ப போட்டது இருபத்தொன்பது இன்ட்டு நூத்தி மூணு புள்ளி நாப்பத்தஞ்சு…” போனைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். இன்னொருத்தியின் போனை வாங்கித் தட்டினாள். “மூவாயிரம்.”

“என்னடி?”

“ரெண்டும் மூவாயிரம்தான்டி. நாள் ஒண்ணு கொறைஞ்சுது, ரேட்டு ஏறிக்கிச்சு. சரிக்குச் சரி.”

“இதுக்கா நாற்காலி மேல ஏறின?” என்றாள் தோழி. “இதுக்கா மனு எழுத என்னை ரெண்டு மணி நேரம் உக்கார வச்ச?”

புள்ளியக்காவின் முகம் மலர்ந்தது. “நான்தான் சொன்னேனே. யாருக்கு நஷ்டம்?”

“எனக்கு அக்கா” என்று ஒரு குரல் கேட்டது.

எல்லாரும் கண்ணாடி என்று கூப்பிடுகிற ஒரு பெண். அதிகம் பேச மாட்டாள். சாயங்காலம் இரண்டு வீட்டில் டியூஷன் எடுத்து மெஸ் காசு கட்டுகிறவள். அப்பாவுக்குக் கால் ஆபரேஷன் என்று பத்து நாள் சீட்டுக் கொடுத்துப் போனாள். அந்த ஆறு பேரில் ஒருத்தி.

“நான் பதினாலாம் தேதி இங்க இல்ல. எனக்கு அந்தப் புள்ளி எப்பவுமே இல்ல. அதனால எனக்கு நாள் கொறையல. இருபது நாள்தான். ரேட்டு மட்டும் ஏறியிருக்கு. ரெண்டாயிரம் வரவேண்டிய எடத்துல ரெண்டாயிரத்து அறுபத்தொன்பது.” கொஞ்சம் நிறுத்தினாள். “நான் முன்னாடியே கேக்கலாம்னு இருந்தேன். மாஸ்டருக்குப் பேத்தி பொறந்திருக்கே, அறுபத்தொன்பதுக்காக மூஞ்சிய சுருக்க வேணாம்னு விட்டேன்.”

ஓசி விருந்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அன்று அங்கே சாப்பிடாத ஆறு பேர்.

 புள்ளியக்கா ரிஜிஸ்டரையும் கம்பியையும் எடுத்துக்கொண்டு வார்டன் அறைப் பக்கம் நடந்தாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் வந்தேன்.

“தங்கச்சி, யோசி. பத்தாம் தேதி வரைக்கும் இத இப்படியே விட்டாலும் ஒண்ணும் ஆகாது. மெயில்லயே யார் மேலயும் தப்பில்லன்னு போட்டுட்டாங்க. கையெழுத்து ஆனதுக்கப்புறம் சொல்லிக்கலாம். அந்த ஆறு பேருக்கும் நானே குடுத்துடறேன்.”

“நீங்க குடுத்தா அது உங்க காசு. அது இந்த ரிஜிஸ்டர்ல ஏறுமா? வாசல்ல ஒக்காந்து பதினோரு வருஷமா நான் செய்யறது ஒண்ணே ஒண்ணு. இருந்தா இருக்கான்னு வைக்கணும். இல்லன்னா இல்லன்னு விடணும். அதையே சரியா வைக்கலன்னா எனக்கு எதுக்கு நிரந்தரம்?”

அதற்குள் வார்டன் அறை வந்துவிட்டது. கதவைத் தட்டிவிட்டாள்.

பின்னாலேயே மைக், கண்ணாடி, இன்னும் முப்பது பேர். வார்டன் அம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

“என்ன, இன்னொரு மனுவா?”

புள்ளியக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. வாசலை விட்டுப் போனது, புள்ளி வைக்காதது, மறுநாள் வேண்டுமென்றே விட்டது. வார்டன் அம்மா வெள்ளையாக இருந்த வரிசையை விரலால் தடவிப் பார்த்தார்.

“வாசல்ல ஆள் இல்லங்கறது தப்பு. தெரியுமா?”

“தெரியும்மா.”

“என்கிட்ட சொல்லாம விட்டது அதவிடத் தப்பு.”

“ஆமாம்மா.”

  அப்போது வார்டன் அம்மா திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

“பதினாலாம் தேதி சமையல் யாரு?”

“இவதாம்மா. நான் ஆஸ்பத்திரில இருந்தேன்.”

“மூணு வேளையுமா? இருநூறு பேருக்கும்?”

“மூணு வேளையும்.”

“என்னது!” மைக்தான். அந்தச் சத்தத்தில் மேஜை மேல் இருந்த பேனாவே உருண்டது. “அன்னைக்குப் பருப்பு அவ்ளோ நல்லா இருந்துச்சே! பேத்தி பொறந்த சந்தோஷத்துல மாஸ்டர் பிரமாதமா செஞ்சிருக்கார்னு நாங்க பேசிக்கிட்டோம்!”

“நான் மூணு தடவ வாங்கினேன்” என்றாள் பின்னால் ஒருத்தி.

“மாஸ்டருக்கு வாரம் ஒரு பேத்தி பொறக்கணும்னு கூடச் சொன்னோம்!”

வார்டன் அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் மட்டும் அங்கே கொஞ்சம் சிரிக்காமல் நின்றேன். பதினெட்டு வருடப் பருப்பை ஒரே நாளில் தோற்கடித்துவிட்டாளே!

“கடிதத்துல ரெண்டையும் எழுதறேன்” என்றார் வார்டன் அம்மா. “வாசல்ல ஆள் இல்லன்னும் எழுதறேன், அடுப்புல ஆள் இருந்துச்சுன்னும் எழுதறேன். தப்ப தானே வந்து சொன்னாள்னும் எழுதறேன். மேல என்ன முடிவு பண்றாங்களோ, அது அவங்க கையில. முதல்ல போய்ப் புள்ளியெல்லாம் வை.”

“மனுவ நாங்க வாபஸ் வாங்கிக்கறோம்மா” என்றாள் மைக். உடனே நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயோ! அன்னைக்கு இங்க இருந்துட்டு, வேற வேற தேதில பத்து நாள் லீவு போட்டவங்க பன்னெண்டு பேர் இருக்காங்க. அவங்க பில்லு பத்தொன்பது நாள்லருந்து இருபது ஆகும். ஆளுக்கு முப்பத்தஞ்சு கிட்ட ஏறும். அவங்க என்னை உயிரோட விட மாட்டாங்க!”

“சாப்பிட்டாங்கல்ல?” என்றாள் புள்ளியக்கா. “கட்டட்டும்.”

அன்று மத்தியானம் கூடம் காலியான பிறகு அவள் பதினாலாம் தேதிக்குப் புள்ளி வைத்தாள். ஒரு கையில் சீட்டுக் கம்பி. ஆறு கட்டங்களைத் தாண்டித் தாண்டி, இருநூறு புள்ளிகள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். சாயங்காலமே திருத்தின பில் போர்டுக்கு வந்தது. வார்டன் அம்மாவின் இரண்டாவது மெயில் நாலே வரி: வருகை நாள்கள் ஆறாயிரம், நாள் கட்டணம் நூறு, தவறு நேர்ந்தது, திருத்திவிட்டோம். கண்ணாடிக்கு இரண்டாயிரம். மைக்குக்கு அதே மூவாயிரம்.

கடிதம் ஒன்பதாம் தேதி போனது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று நாங்கள் எல்லாரும் தபாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டில் பேத்தி சிரிக்கக் கற்றுக்கொண்டாள். அதைச் சொல்லப் போனால் கூட, “ஆர்டர் வந்துச்சா?” என்றுதான் என் வீட்டுக்காரி கேட்டாள்.

நேற்றுக் காலை வந்தது. கிளார்க் கவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கே ஓடி வந்தார். மைக் பிடுங்கி வாசித்தாள். அவள் வாசித்ததால் தெருவுக்கும் கேட்டிருக்கும். நிரந்தரம். ஆனால் வாசலுக்கு இல்லை. உதவிச் சமையல்காரர் பணியிடம் ஒன்று இரண்டு வருடமாகக் காலியாக இருந்ததாம். அதில்.

புள்ளியக்கா அங்கேயே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். “பெரியவளுக்குச் சொல்லணும்” என்றாள். போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பாகத் தட்டியதும் கண்ணாடிதான் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள்.

இன்று முதல் வாசலில் மெஸ் கமிட்டிப் பெண்கள் முறை வைத்து உட்காருகிறார்கள். முதல் நாள் மைக். அடுப்படியிலிருந்து புள்ளியக்கா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, “மூணாவது வரிசை, ஜன்னலோரம், அந்தப் பொண்ணுக்கு வச்சியா?” என்று கத்துகிறாள். என் பக்கத்தில் நின்று என் உப்பையும் பார்க்கிறாள். கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் கிளார்க் போன மாத ரிஜிஸ்டரைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

“பதினாலாம் தேதிக்கு மேல, தேதி எழுதற எடத்துல ஒரு புள்ளி இருக்கே. கட்டத்துக்கு வெளிய. இது யாரு? நான் எண்ணல.”

புள்ளியக்கா கரண்டியை ஆட்டினாள். “எண்ணாதீங்க சார். அன்னைக்குத்தான் வந்துச்சு. இன்னும் சாப்பிட ஆரம்பிக்கல.”